சிறுநீரகக் கல், கால்சியம் ஆக்சலேட் வகை என்று அறிக்கை வந்திருக்கிறது: கீரையை விட வேண்டுமா, தயிரையும் விட வேண்டுமா?

விசைத்தறி எழுதியது:

வயது 43, எடை 72 கிலோ. சென்ற மாதம் விலாவுக்குக் கீழே தொடங்கிய வலி அடிவயிறு வரை இறங்கியது. இரண்டு நாள் துடித்த பிறகு 5 மி.மீ. கல் ஒன்று தானாகவே வெளியேறியது. அதைப் பிடித்து வைத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். கால்சியம் ஆக்சலேட் என்று அறிக்கை வந்தது. மருத்துவர், "பாலக் வேண்டாம், தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு பட்டியல். தக்காளி கூடாது, பால் கூடாது, தயிர் கூடாது என்கிறார்கள். கல்லில் கால்சியம் இருப்பதால் பால், தயிர், மோர் மூன்றையும் நிறுத்திவிட்டேன். ஆனால் கீரை இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. காலையில் இரண்டு கைப்பிடி பச்சைப் பாலக்கை ஆப்பிள், இஞ்சியோடு மிக்ஸியில் அடித்துக் குடிப்பேன். வாரத்தில் நான்கு நாள் மதியம் கீரைக் கடைசல். தொற்றுக் காலத்தில் தொடங்கிய வைட்டமின் சி 1000 மி.கி. மாத்திரையும் தொடர்கிறது. வேலை விசைத்தறிக் கூடத்தில். வியர்வைக்குக் குறைவில்லை.

இதில் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது?

தென்னந்தோப்பு எழுதியது:

தம்பி, இவ்வளவு யோசனை எதற்கு? வாரத்தில் மூன்று நாள் வாழைத்தண்டுச் சாறு குடியுங்கள். எங்கள் ஊரில் கல் கரையாத ஆளே கிடையாது. அப்பாவுக்கு வந்தது, பெரியப்பாவுக்கு வந்தது, எல்லாருக்கும் அதே வைத்தியம்தான். தயிரை நிறுத்தியது நல்லது. கீரையும் தயிரும் எப்போதுமே சேராது.

வெண்பூசணி எழுதியது:

விசைத்தறி அவர்களே, மருத்துவமனை ஒன்றின் சிறுநீரகப் பிரிவில் உணவியலாளராக இருக்கிறேன். உங்கள் பதிவில் என்னைப் பயமுறுத்தியது தயிரை நிறுத்தியதுதான். அதற்கு அடுத்தது காலைப் பானம்.

கல் சிறுநீரகத்தில் உருவாகிறது. ஆனால் கீரையில் இயல்பாகவே இருக்கும் ஆக்சலேட் என்ற பொருளைத் தடுக்க வேண்டிய இடம் குடல். ஒரே வேளையில் கால்சியமும் ஆக்சலேட்டும் வயிற்றுக்குள் போனால் அவை அங்கேயே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கரையாத உப்பாகி மலத்தோடு போய்விடும். இரத்தத்தில் ஏறாது. குடலில் கால்சியம் இல்லையென்றால் ஆக்சலேட் தனியாக நின்று, உறிஞ்சப்பட்டு, சிறுநீரில் வந்து சேரும். அங்கே கால்சியத்தைச் சந்தித்தால் கல். நீங்கள் ஆக்சலேட்டைக் குடித்துக்கொண்டு, அதைக் குடலில் பிடிக்கக்கூடிய பொருளை மட்டும் நிறுத்தியிருக்கிறீர்கள்.

இது வெறும் கணிப்பு அல்ல. இத்தாலியில் இதே வகைக் கல் திரும்பத் திரும்ப வந்த 120 ஆண்களை இரண்டாகப் பிரித்து ஐந்தாண்டுகள் பார்த்தார்கள். 2002இல் முடிவு வெளியானது. ஒரு பாதிக்கு நாளுக்கு 400 மி.கி. மட்டும் கால்சியம். மறு பாதிக்கு 1200 மி.கி. கால்சியம், அதோடு உப்பும் இறைச்சியும் குறைவு. கால்சியம் குறைத்த 60 பேரில் 23 பேருக்குக் கல் திரும்பியது. மற்ற 60 பேரில் 12 பேருக்குத்தான். கால்சியம் குறைத்தவர்களின் சிறுநீரில் ஆக்சலேட் கூடியிருந்தது.

ஆகவே இன்றைக்கே தயிரைத் திரும்பக் கொண்டுவாருங்கள், காலைப் பானத்தையும் வைட்டமின் சி மாத்திரையையும் நிறுத்துங்கள். உடல் அந்த வைட்டமினில் ஒரு பங்கை ஆக்சலேட்டாக மாற்றுகிறது. தக்காளி பாவம், அதில் ஆக்சலேட் மிகக் குறைவு. சாப்பிடுங்கள். அடுத்த வேலை, 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அம்மா சொல்வது சரி. நானும் இதைப் படித்துவிட்டுத்தான் இரவு படுக்கும்போது 500 மி.கி. கால்சியம் மாத்திரை ஒன்று போட்டுக்கொள்கிறேன். கீரையை வேகவைத்தாலே ஆக்சலேட் அழிந்துவிடும், அதனால் கவலையில்லாமல் தினமும் கீரை சாப்பிடுகிறேன். இரண்டு பக்கமும் பாதுகாப்பு.

வெண்பூசணி எழுதியது:

கணக்குப்பிள்ளை அவர்களே, இரண்டிலும் பாதி சரி. படுக்கும்போது வயிற்றில் கீரை இருக்காது. அந்த நேரத்தில் மாத்திரையின் கால்சியம் பிடிக்க ஆக்சலேட் இல்லாமல் உறிஞ்சப்பட்டுச் சிறுநீரில் கால்சியத்தைக் கூட்டும். உணவின் வழியே கால்சியம் அதிகம் பெற்ற பெண்களுக்குக் கல் குறைவாகவும், மாத்திரை போட்டவர்களுக்குச் சற்று அதிகமாகவும் வந்ததை 1997இல் அமெரிக்காவில் பெரிய ஆய்வு ஒன்றில் பார்த்தார்கள். சாப்பாட்டோடு சேர்க்காமல் போட்டது காரணமாக இருக்கலாம் என்று அதைச் செய்தவர்கள் கருதினார்கள். எலும்புக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் நிறுத்தாதீர்கள், சாப்பாட்டோடு போடலாமா என்று அவரிடம் கேளுங்கள்.

ஆக்சலேட் அடுப்புச் சூட்டில் அழிவதில்லை. கரையக்கூடிய பகுதி தண்ணீரில் இறங்குகிறது, அவ்வளவுதான். அந்தத் தண்ணீரைக் கொட்டினால் பெரும்பங்கு போகும். ஆவியில் வேகவைத்தால் குறைவாகத்தான் போகும். கடைசலில் என்ன செய்கிறோம்? கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து அதே தண்ணீரோடு கடைகிறோம். குக்கரிலும் அதே கதை. ஆக்சலேட் முழுவதும் தட்டுக்கு வந்துவிடுகிறது.

நெய்தல் எழுதியது:

ஆனால் ஆக்சலேட்டைப் பற்றி மிகையாகப் பயமுறுத்துகிறார்கள் என்பது என் எண்ணம். 2007இல் வந்த அமெரிக்க ஆய்வைப் படித்தேன். அதிக ஆக்சலேட் சாப்பிட்ட ஆண்களுக்கு, மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட ஆபத்து சுமார் 20 சதவீதம்தான் கூடுதல். மாதத்தில் எட்டு முறையோ அதற்கு மேலோ பாலக் சாப்பிட்டவர்களுக்கு 30 சதவீதம். இதற்காக ஒருவர் கீரையைப் பார்த்துப் பயந்து நடுங்க வேண்டுமா? சிறுநீரில் வரும் ஆக்சலேட்டில் பாதியை நம் கல்லீரலே தயாரிக்கிறது.

வெண்பூசணி எழுதியது:

அந்தக் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் அது பெருங்கூட்டத்தின் சராசரி. தினமும் பச்சைப் பாலக் அடித்துக் குடித்து, தயிரும் இல்லாமல் இருப்பவர் அந்தச் சராசரியில் இல்லை. அரைக் கப் வெந்த பாலக்கில் சுமார் 750 மி.கி. ஆக்சலேட் இருக்கிறது. பொதுவாக ஒருவர் நாள் முழுவதும் சாப்பிடும் ஆக்சலேட்டே 100 முதல் 300 மி.கி. வரைதான். பாலக் ஒன்று மட்டும் அந்தப் பட்டியலில் எங்கேயோ மேலே தனியாக நிற்கிறது. ஆகவே கீரை என்ற இனத்தையே பயப்பட வேண்டாம், பாலக்கை மட்டும் எண்ணிச் சாப்பிடுங்கள் என்பேன்.

மாட்டுத்தாவணி எழுதியது:

எனக்கும் கல்தான். இரண்டு வருடமாகக் கீரையை ஒதுக்கிவிட்டேன். அதோடு தயிரும் சாப்பிடுகிறேன். ஒரு பயனும் இல்லை, மறுபடியும் கல் வந்துவிட்டது. உணவெல்லாம் சும்மா பேச்சு. பரிசோதனையில் யூரிக் அமிலக் கல் என்று எழுதியிருந்தது. மட்டன் மட்டும்தான் வாரம் மூன்று முறை, மற்றபடி சுத்தமான சாப்பாடு.

வெண்பூசணி எழுதியது:

மாட்டுத்தாவணி அவர்களே, உங்கள் கல்லுக்கும் கீரைக்கும் தொடர்பே இல்லை. யூரிக் அமிலக் கல்லுக்குச் சிறுநீர் புளிப்பாக, அதாவது அமிலத்தன்மையோடு இருப்பதுதான் முதல் காரணம். மட்டன்தான் உங்கள் சுத்தமான சாப்பாட்டில் முதலில் பார்க்க வேண்டியது. சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்க மருந்தும் உண்டு. அந்த வகைக் கல் பல நேரம் அதனால் கரையும். கால்சியம் ஆக்சலேட் கல் அப்படிக் கரைவதில்லை. மருத்துவரிடம் கல்லின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பவானிப்பெண் எழுதியது:

எனக்குப் பித்தப்பையில் மூன்று கற்கள் என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. நானும் பாலக்கை நிறுத்திவிடவா?

நெய்தல் எழுதியது:

சகோதரி, அது வேறு கல், வேறு கதை. பெரும்பாலும் கொழுப்பு படிந்து உருவாவது. உங்களுக்கு இந்த இழை உதவாது. அறுவை மருத்துவரைப் பாருங்கள்.

விசைத்தறி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அம்மா சொன்னபடி 24 மணி நேரச் சிறுநீர் கொடுத்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். காலைப் பானத்தையும் மாத்திரையையும் பரிசோதனைக்கு முன்பு மாற்றவில்லை. இருக்கிற நிலைமையே தெரியட்டும் என்று விட்டேன். தயிரும் இன்னும் தொடங்கவில்லை. முடிவு:

சிறுநீர் அளவு 1050 மி.லி.
ஆக்சலேட் 68 மி.கி.
கால்சியம் 165 மி.கி.
சிட்ரேட் 280 மி.கி.
சோடியம் 210 மில்லிமோல்
கிரியாட்டினின் 1350 மி.கி.

கால்சியம் நன்றாகத்தானே இருக்கிறது? அப்படியானால் எதற்குக் கல்?

வெண்பூசணி எழுதியது:

இருக்கிற நிலையில் எடுத்தது நல்லதுதான். முதலில் கடைசி வரியைப் பார்க்கிறேன். கிரியாட்டினினை உடல் நாளுக்கு ஏறக்குறைய ஒரே அளவில்தான் வெளியேற்றும். 72 கிலோ எடைக்கு 1350 என்பது கிலோவுக்குச் சுமார் 19 மி.கி. ஓர் ஆணுக்கு இது பொருந்தும் அளவு. அதாவது நடுவில் ஒரு முறை கழிப்பறையில் கொட்டிவிடாமல் எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறீர்கள். அந்த எண் குறைவாக இருந்தால் மற்ற எண்களை நம்பியே பேச முடியாது. இன்னொரு சந்தேகம், சேகரிப்புப் பாட்டிலில் ஆய்வகம் அமிலம் ஊற்றிக் கொடுத்ததா? அமிலம் இல்லாவிட்டால், சிறுநீரில் உள்ள மாத்திரை வைட்டமின் சி பாட்டிலுக்குள்ளேயே ஆக்சலேட்டாக மாறி எண்ணைக் கூட்டிக் காட்டலாம்.

ஆக்சலேட் 40, 45க்குள் இருந்தால் சரி. உங்களுக்கு 68. கால்சியம் சாப்பிடாததால் சிறுநீரில் கால்சியமும் ஏறவில்லை, அது உங்களை ஏமாற்றுகிறது. கல்லை முடிவு செய்வது செறிவு. 68 மி.கி. 1.05 லிட்டரில் இருந்தால் லிட்டருக்கு 65. இதே 68ஐ இரண்டரை லிட்டரில் கழித்தால் லிட்டருக்கு 27. கீரையைத் தொடாமலேயே பாதிக்கு மேல் இறங்கிவிடும். தறிக்கூட வியர்வைதான் உங்கள் முதல் எதிரி.

சிட்ரேட் 320க்கு மேல் இருப்பது நல்லது. அது கால்சியத்தைப் பிடித்து வைத்துப் படிகமாக விடாமல் தடுக்கும். பழம், காய்கறி, எலுமிச்சைச் சாறு அதைக் கூட்டும். சோடியம் 210 என்றால் நாளுக்குப் பன்னிரண்டு கிராம் உப்புக்கு மேல் உள்ளே போகிறது என்று பொருள். ஐந்து கிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். தயிர் தொடங்கும்போது இது முக்கியம்.

விசைத்தறி எழுதியது:

பாட்டிலில் ஏதோ திரவம் இருந்தது, கையில் படக்கூடாது என்று எச்சரித்தார்கள். அமிலமாகத்தான் இருக்கும். உப்புக்குக் காரணம் எனக்குத் தெரியும். மதியம் ஊறுகாய், சாயங்காலம் மிக்சர், ஞாயிறு கருவாடு. மனைவி ஏற்கெனவே சிரிக்கிறாள்.

கீரை விஷயத்தில் ஒரு நாள் திட்டமாகச் சொன்னால் பிடித்துக்கொள்வேன்.

வெண்பூசணி எழுதியது:

பாலக், தண்டுக்கீரை, முளைக்கீரை இவை ஆக்சலேட் அதிகம் உள்ளவை, பெரும்பாலும் கரையக்கூடியது. முருங்கைக்கீரை, வெந்தயக்கீரை, கொத்தமல்லி இவற்றில் உள்ளது பெரும்பாலும் கரையாத வகை. அது குடலில் அவ்வளவாக ஏறாது. ஆகவே வாரத்தின் நான்கு நாளில் இரண்டு நாளை முருங்கைக்கும் ஒரு நாளை வெந்தயக்கீரைக்கும் கொடுங்கள்.

நான்காம் நாள் முளைக்கீரை வேண்டுமென்றால், அகலப் பாத்திரத்தில் நிறையத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு நறுக்கிய கீரையைப் போட்டுச் சில நிமிடம் வேகவிடுங்கள். வடிகட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் பருப்போடு சேருங்கள். ஃபோலேட்டும் கொஞ்சம் போகும், ஒத்துக்கொள்கிறேன். தண்ணீரைச் சூப்பாகக் குடிக்காதீர்கள், அதில்தான் ஆக்சலேட் இருக்கிறது. பிறகு அதே வேளையில் 200 மி.லி. தயிரோ கெட்டி மோரோ சேருங்கள். சுமார் 240 மி.கி. கால்சியம் கிடைக்கும். கீரை மோர்க்கூட்டு செய்தால் இன்னும் எளிது. பாலக்கும் பன்னீரும் சேர்த்துச் செய்கிற வட இந்தியக் கறியிலும் இந்த வேதியியல்தான் நடக்கிறது.

தண்ணீரில் ஒரு எச்சரிக்கை: குடிப்பதை அளப்பதைவிடக் கழிப்பதை அளந்துகொள்ளுங்கள். விடுமுறை நாளில் ஒரு நாள் அளவுப் பாத்திரம் வைத்துச் சேர்த்துப் பாருங்கள், இலக்கு இரண்டரை லிட்டர். தறிக்கூடத்தில் அதற்கு மூன்றரை லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டியிருக்கலாம். இதயம், சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள் இதைப் பின்பற்றக் கூடாது. வலியோடு காய்ச்சல் வந்தால் தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள்.

தென்னந்தோப்பு எழுதியது:

கீரையோடு தயிரா? இரவில் கீரை, தயிர் இரண்டும் ஆகாது என்றுதானே எங்கள் பாட்டி சொன்னார். மோர்க்கூட்டு எங்கள் பக்கமும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் வாழைத்தண்டைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே அம்மா.

வெண்பூசணி எழுதியது:

மதியம் சாப்பிடச் சொன்னேன் ஐயா, பாட்டிக்கும் ஆட்சேபணை இருக்காது. வாழைத்தண்டுச் சாறு எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் சிறுநீரில் ஆக்சலேட் குறைந்தது. மனிதரில் நம்பும்படியான ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. உப்பு போடாமல் குடித்தால் தீங்கில்லை, ஒரு டம்ளர் தண்ணீர் உள்ளே போகும். உங்கள் ஊரில் எல்லோருக்கும் கல் கரைந்ததில் பாதியாவது தானாக வெளியேறியதாக இருக்கும். 5 மி.மீ. வரை உள்ளவை பெரும்பாலும் அப்படியே வந்துவிடும்.

குமரிக்கடல் எழுதியது:

இயற்கைச் சாறு என்று யாராவது சொன்னால் எனக்குப் பயம்தான். எங்கள் பக்கத்திலும் கேரளத்திலும் கொழுப்பு குறைய என்று பிலிம்பி என்ற புளிப்புக் காயின் சாற்றைக் குடிக்கிறார்கள். அதில் ஆக்சலேட் மிகுதி. கேரளத்தில் அதைக் குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததை 2013இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. பிறகு பிழைத்துக்கொண்டார்கள். ஆகவே செறிவான எந்த ஆக்சலேட் சாறும் கல்லோடு நிற்பதில்லை.

வெண்பூசணி எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள். பச்சைப் பாலக் பானத்திலும் அதே ஆபத்து உண்டு. அமெரிக்காவில் முன்பு எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்திருந்த ஒரு பெண்ணுக்குக் கீரைப் பானத்தால் சிறுநீரகம் பழுதான செய்தியை 2018இல் வெளியிட்டார்கள். குடல் கொழுப்பைச் சரியாக உறிஞ்சாவிட்டால் அந்தக் கொழுப்பு கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆக்சலேட் தடையில்லாமல் ஏறும். குடல் அறுவை சிகிச்சை செய்தவர்கள் இந்த இழையின் சமையல் குறிப்பை நம்பாமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

விசைத்தறி எழுதியது:

மீண்டும் பரிசோதனை கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். காலைப் பானமும் மாத்திரையும் போய்விட்டன, மதியம் தயிர் வந்துவிட்டது.

அளவு 1900 மி.லி., ஆக்சலேட் 39, கால்சியம் 215, சிட்ரேட் 300, சோடியம் 185.

கால்சியம் ஏறியிருக்கிறதே, தயிரால்தானே?

நெய்தல் எழுதியது:

ஏறினாலும் இரண்டு லிட்டருக்கு அருகில் பரவியிருக்கிறது. ஆக்சலேட் லிட்டருக்கு 65லிருந்து 20க்கு வந்துவிட்டது. கால்சியமும் லிட்டருக்கு 157லிருந்து 113தான். கணக்குப்படி நீங்கள் நன்றாகவே இருக்கிறீர்கள். ஆனால் எதனால் இறங்கியது என்பதுதான் கேள்வி. பானமா, மாத்திரையா, தயிரா? மூன்றையும் ஒன்றாக மாற்றியதால் எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

வெண்பூசணி எழுதியது:

அவருக்குத் தெளிவு தேவையில்லை, கல் வராமல் இருந்தால் போதும். எனக்கும் பிரித்துச் சொல்ல முடியாது, பானத்தைத்தான் சந்தேகிக்கிறேன். மீதமிருப்பது சோடியம். 185 என்றால் இன்னும் பத்து கிராம் உப்புக்கு மேல். கால்சியம் 215 ஆனதில் தயிருக்குப் பங்கு உண்டு, உப்பையும் விட்டுவிட முடியாது. ஊறுகாய், மிக்சர், கருவாட்டில் எதை முதலில் விடப்போகிறீர்கள்?

விசைத்தறி எழுதியது:

மிக்சரை. கருவாட்டைக் கேட்காதீர்கள் அம்மா. அதை ஊற வைத்து இரண்டு முறை அலசிச் சமைப்பதாக மனைவி ஒத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் கீரைத் தண்ணீரைக் கொட்டுவதில் மட்டும் இன்னும் சண்டை, சத்தெல்லாம் போகிறதாம்.